மெடிக்கல் கடையின் டோர் டெலிவரி நேரத்தை எப்படி எழுதி அறிவிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு மெடிக்கல் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். எங்கள் கடையின் டெலிவரி நேரத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் எழுதிப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அதைப் பார்த்து மற்ற கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

போஸ்டர் படத்துலயே நேரம் போட்டிருக்கே, அப்புறம் கீழ எதுக்கு கேப்ஷன்?

படத்தில் இருக்கும் போன் நம்பரைத் தொட்டால் கால் போகாது. வாட்ஸ்அப் செய்தியில் எழுத்தாக இருந்தால் காப்பி செய்யலாம், தொட்டதும் கால் போகும். கண் மங்கிய பெரியவர்கள் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த வசதியும் எழுத்தைத்தான் நன்றாக வாசிக்கும். நம் வாடிக்கையாளரில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு காரணம், படம் தனியாகப் பயணம் போகும். யாரோ சேமித்து வைத்து ஆறு மாதம் கழித்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள். அதற்குள் நம் நேரம் மாறியிருக்கும். அதனால் நான் படத்தில் கடைப் பெயர், டெலிவரி உண்டு என்ற செய்தி, நம்பர் இவற்றை மட்டும் வைக்கிறேன். மாறக்கூடிய நேரத்தைக் கேப்ஷனில் எழுதுகிறேன்.

கேப்ஷன்ல கட்டாயம் என்னென்ன இருக்கணும்ணே?

எந்தெந்த நாள், எத்தனை மணிக்குள் ஆர்டர் தர வேண்டும், எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வரும், எந்தெந்தத் தெரு அல்லது பகுதி, எந்த நம்பர், மருந்துச் சீட்டு வேண்டும் என்ற ஒரு வரி. இவ்வளவுதான். டெலிவரிக்குக் கட்டணம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து இருபது ரூபாய் கூடக் கேட்டால் அந்த வீடு அடுத்த முறை கூப்பிடாது.

பகுதியைச் சொல்லும்போது '3 கி.மீ. சுற்றளவு' என்று எழுதாதீர்கள். தன் வீடு கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் அளந்து வைத்திருப்பதில்லை. 'அண்ணாநகர், யாகப்பா நகர், மேலமடை, கோமதிபுரம்' என்று பெயராகவே எழுதினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வைகைக்கு அந்தக் கரையில் இருப்பவர் வீணாகக் கூப்பிட மாட்டார்.

வரிசையும் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி மடிந்துவிடும். 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, உங்கள் பேராதரவுடன்...' என்று தொடங்கினால் நேரம் மடிப்புக்குள் போய்விடும். நாளும் நேரமும் முதல் வரியில் வரட்டும். நன்றியை வேண்டுமானால் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

கடை திறந்திருக்குற நேரத்தையே டெலிவரி நேரமாப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

நாங்களும் முதலில் அப்படித்தான் போட்டோம். 'தினமும் இரவு 10 மணி வரை டோர் டெலிவரி' என்று ஒரே வரி. ஒரு நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு ஓர் அம்மா கூப்பிட்டு ஆர்டர் சொன்னார். வண்டி ஓட்டும் தம்பி எட்டரைக்கே வீட்டுக்குப் போயிருந்தான். கவுண்டரில் நான் ஒருவன்தான், எதிரே ஆறு பேர் நிற்கிறார்கள். கூட்டம் குறைந்ததும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு நானே பத்தரைக்குக் கிளம்பினேன். அவர் தெரு விளக்கு எரியாத முனையில், கேட்டுக்கு வெளியே, நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, போன் டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார். 'பத்து மணின்னு போட்டிருந்தீங்களே தம்பி' என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் படித்தது சரி, நாங்கள் எழுதியதுதான் தப்பு.

'10 மணி வரை டெலிவரி' என்ற வரியைக் கடைக்காரர் 'பத்துக்குக் கடைசி வண்டி திரும்பிவிடும்' என்று நினைத்து எழுதுகிறார். படிப்பவரோ 'பத்துக்குள் கூப்பிட்டால் வரும்' என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் தொங்குகிறது. அதனால் எப்போதும் இரண்டு நேரம் எழுதுங்கள், ஆர்டர் எப்போது நிற்கும், பை எப்போது வந்து சேரும் என்று. கடை நேரம் மூன்றாவது. அதைச் சொல்வதென்றால் 'நேரில் வாங்க' என்று தனி வரியில் போடுங்கள், டெலிவரி நேரத்தோடு கலக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். பையைக் கட்டுவதும் அதில் அடங்கும். மருந்தாளுநர் கடையில் இல்லாத நேரத்தை ஆர்டர் நேரமாக எழுதினால், அந்த நேரத்தில் யார் பையைச் சரிபார்த்தது என்று ஆய்வாளர் கேட்பார். கேட்பது நியாயம்.

'9 டு 9'னு சுருக்கமா எழுதலாமா?

வேண்டாம். காலை, மதியம், மாலை, இரவு என்ற சொற்கள் நம் மொழியில் இருக்கும்போது எதற்குச் சுருக்க வேண்டும்? 'காலை 9 முதல் இரவு 8.30 வரை' என்று எழுதினால் யாரும் இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை. குறிப்பாக 12 மணி. வெறும் '12 மணிக்குள்' என்றால் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு இரவு பதினொன்றுக்குச் சீட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். 'பகல் 12' என்று எழுதுங்கள்.

'அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டில்'னு போட்டா நல்லா இழுக்குமே சார்?

இழுக்கும். முதல் வாரம் இழுக்கும், பிறகு அதே வரியைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். உங்களால் முடிகிற நேரம் எது என்று தெரியாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். தெரிந்துகொள்ள ஒரு நோட்டுப் போதும். ஒரு வாரம், ஒவ்வொரு ஆர்டருக்கும் செய்தி வந்த நேரத்தையும் பை கைமாறிய நேரத்தையும் எழுதுங்கள். வாரக் கடைசியில் சராசரி போடாதீர்கள். அதிக நேரம் பிடித்த நாலைந்து ஆர்டரைப் பாருங்கள். கேப்ஷனில் எழுத வேண்டிய நேரம் அவற்றிலிருந்துதான் கிடைக்கும்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. ஒரு தம்பி, ஒரு வண்டி. ஒரு நடையில் ஐந்தாறு பை. ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் போகிறது. ஓட்டம் மூன்று நிமிடம்தான், மீதியெல்லாம் மாடிப்படி, காலிங் பெல், சில்லறை, 'இந்த மாத்திரை போன தடவை வேற கலர்ல இருந்துச்சே' என்ற கேள்விக்கு எனக்குப் போன் போட்டுக் கொடுப்பது. ஆக ஒரு நடைக்கு ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் சீட்டைப் பார்த்து, மருந்தை எடுத்து, பில் போட்டு, கையெழுத்துப் புரியாத இடத்தில் டாக்டரின் கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேட்டு முடிக்க இன்னொரு மணி நேரம். அப்படியானால் பகல் 12 வரை வந்த ஆர்டர் 2 மணிக்குள் போய்ச் சேரும். மாலையும் அதே கணக்கு. 6.30 வரை வந்தது 8.30-க்குள். மாலை ஏழு மணிக்கு மேல் கிளினிக்குகளிலிருந்து சீட்டோடு ஆட்கள் நேராகக் கவுண்டருக்கு வருவதால் அதற்குமேல் ஆர்டர் எடுத்தால் இரண்டும் கெடும்.

அரை மணி நேரத்தை ஆசைப்பட்டு எழுதினால் அதன் சுமை கடைசியில் தம்பியின் வண்டி வேகத்தில் போய் இறங்கும். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாங்க ஒண்ணும் 'குணமாகும்'னு எழுதலையே, அப்புறம் மருத்துவ வாக்குறுதி எங்கிருந்து வந்துச்சு?

'குணமாகும்' என்ற சொல் இல்லாமலும் அந்தப் பொருள் வந்துவிடும். 'வலிக்கு உடனடி நிவாரணம், இனி உங்கள் வாசலில்' என்று எழுதுபவர் டெலிவரியின் வேகத்தைத்தான் சொல்ல நினைக்கிறார். படிப்பவர் கண்ணில் படுவது வலியும் நிவாரணமும். 'பக்க விளைவு இல்லாத', 'நம்பிக்கையான சிகிச்சை', 'ஆரோக்கியம் கேரன்டி', 'டாக்டர்கள் பரிந்துரைக்கும்' எல்லாமே இந்த வகைதான். நான் ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வி கேட்டுப் பார்ப்பேன். இந்த வரி வண்டியைப் பற்றிப் பேசுகிறதா, மருந்து உடம்பில் செய்வதைப் பற்றிப் பேசுகிறதா? வண்டி, நேரம், தெரு, நம்பர், பில் என்றால் இருக்கட்டும். உடம்பு என்றால் அடித்துவிடுவேன்.

சட்டப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் 1954-இலிருந்து இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் உடல்நிலைகளும் உண்டு. அவற்றைக் கண்டறிய, குணப்படுத்த, தணிக்க, தடுக்க ஒரு மருந்து உதவும் என்று தோன்றும்படி விளம்பரம் செய்யக்கூடாது. நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய், உடல் பருமன், வாத நோய், கண்புரை எல்லாம் அதில் இருக்கின்றன. பலருக்குத் தெரியாதது, பொதுவாகக் காய்ச்சல் என்பதே அந்தப் பட்டியலில் இருக்கிறது. மழைக்காலம் வந்ததும் 'காய்ச்சலா? கவலை வேண்டாம்!' என்று ஸ்டேட்டஸ் போடும் நண்பர்களே, அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

விளம்பரம் என்றால் பேப்பரில் காசு கொடுத்துப் போடுவது மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் நோட்டீஸ், சுற்றறிக்கை, லேபிள், வேறு எந்த ஆவணமும் அடங்கும். வாயால் சொல்வதும், ஒளி, ஒலி, புகையால் அறிவிப்பதும்கூட அடங்கும். அவ்வளவு விரிவாக எழுதியிருக்கும்போது, ஸ்டேட்டஸ் மட்டும் அதற்கு வெளியே நிற்கும் என்று நம்பி எழுதுவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்போ 'சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும்'னுகூடச் சொல்லக்கூடாதா? அது உண்மைதானே?

உண்மைதான். அதில் குணமாக்குவோம் என்ற பேச்சும் இல்லை. ஆனாலும் நான் எழுத மாட்டேன். நோயின் பெயர் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பக்கத்தில் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை வந்து ஒட்டிக்கொள்ளும், 'தடையில்லாமல்', 'கவலையில்லாமல்', 'கட்டுக்குள்' என்று. முதலில் நோய்ப் பெயர், அடுத்த மாதம் அந்த ஒட்டு, அதற்கடுத்த மாதம் முழு வாக்குறுதி. இந்த ஏறுவரிசையை எங்கள் பழைய ஸ்டேட்டஸ்களிலேயே பார்த்தேன்.

'மாதாமாதம் வாங்கும் மருந்துகள்' என்று எழுதுங்கள். யாருக்குச் சொல்கிறோமோ அவருக்குப் புரியும். பிராண்டு பெயரும் வேண்டாம். சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்தின் அட்டையைப் படமாகப் போடுவதும் வேண்டாம். படத்துக்கு மூடிய காகிதப் பையும் கடை வாசலும் போதும்.

சரி, ஒரு கேப்ஷனை எடுத்து எங்கெங்க தப்புன்னு காட்டுங்களேன்.

பக்கத்து ஏரியாவிலிருந்து ஒரு தம்பி, புதிதாகக் கடை எடுத்தவன், பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியது இது. அவன் சம்மதத்தோடு தருகிறேன்.

> மூட்டுவலியா? சுகரா? பிரஷரா? இனி அலையத் தேவையில்லை! உடனடி நிவாரணம் உங்கள் வாசலில்! 24 மணி நேரமும் அதிவேக டோர் டெலிவரி. பக்க விளைவு இல்லாத தரமான மருந்துகள். மதுரை முழுவதும். கால் பண்ணுங்க!

முதல் மூன்று கேள்வியிலும் நோய்ப் பெயர், மூன்றுமே மேலே சொன்ன அட்டவணையைத் தொடுகின்றன. 'உடனடி நிவாரணம்' டெலிவரியைப் பற்றியதல்ல. '24 மணி நேரம்' என்று எழுதியிருக்கிறானே, இரவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, போன் மட்டும் ஆனில் இருக்கும் என்றான். 'பக்க விளைவு இல்லாத' என்று எந்த மருந்தைப் பற்றியும் ஒரு மருந்தாளுநர் சொல்லக்கூடாது, அது பொய். 'மதுரை முழுவதும்' என்றால் திருநகரிலிருந்து கூப்பிட்டால் போவாயா என்றதற்குச் சிரித்தான். கடைசியில் 'கால் பண்ணுங்க' என்று இருக்கிறது, நம்பர் இல்லை.

எங்கள் கடையின் நேரத்தையும் பகுதிகளையும் வைத்து மாற்றி எழுதிக் காட்டியது:

> டோர் டெலிவரி நேரம், திங்கள் முதல் சனி வரை:
> பகல் 12 மணிக்குள் ஆர்டர் தந்தால் மதியம் 2 மணிக்குள் வரும்.
> மாலை 6.30-க்குள் ஆர்டர் தந்தால் இரவு 8.30-க்குள் வரும்.
> ஞாயிறு: பகல் நடை மட்டும்.
> பகுதிகள்: அண்ணாநகர், யாகப்பா நகர், மேலமடை, கோமதிபுரம். டெலிவரிக் கட்டணம் இல்லை.
> ஆர்டருக்கு: (கடையின் வாட்ஸ்அப் எண்). சீட்டு தேவைப்படும் மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு அவசியம்.
> கையிருப்பில் இல்லாத மருந்து அடுத்த நடையில் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

தம்பிக்கு முதலில் பிடிக்கவில்லை. 'ரொம்பச் சாதாரணமா இருக்குண்ணே' என்றான். சாதாரணமாகத்தான் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நேரப் பலகையைப் பார்ப்பவர் அதில் கவிதையைத் தேட மாட்டார். மாத்திரை தீர்ந்துபோன வீட்டில் இருப்பவரும் அப்படித்தான், தனக்கு எத்தனை மணிக்கு வரும் என்று மட்டுமே பார்ப்பார். கடைசி வரியைக் கவனியுங்கள். மொத்த ஏஜென்சியிலிருந்து சரக்கு வந்தால்தான் தர முடியும் என்ற நிலைமை எல்லாக் கடைக்கும் உண்டு. அதை முன்பே எழுதிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

சீட்டை வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்புனாப் போதும்னு எழுதலாமா?

'போதும்' என்ற சொல்லில்தான் சிக்கல். போட்டோ வந்தால் மருந்தை எடுத்து வைக்கலாம், பில் போடலாம். கொடுக்கும்போது சீட்டையே பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் கடையின் வழக்கம். தம்பி வாசலில் அசல் சீட்டை வாங்கிப் பார்த்து, தேதியும் பெயரும் போட்டோவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, எனக்குப் படம் அனுப்பிய பிறகே பையைக் கொடுப்பான். ஆகவே எங்கள் வரி: 'சீட்டின் படத்தை அனுப்பி ஆர்டர் தரலாம். வாங்கும்போது அசல் சீட்டைக் காட்டவும்.'

2020 மார்ச் 26 அன்று, ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், மத்திய அரசு வீட்டு வாசலில் மருந்து தருவது குறித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதிலும் எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகள் சேரவில்லை. எச்1 என்பது சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மருந்துகள் அடங்கிய அட்டவணை. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் இவற்றை வண்டியில் அனுப்புவதே இல்லை. 'சில மருந்துகளைக் கடையில் நேரில் மட்டுமே தர முடியும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டோம். எவை என்று பட்டியல் போடவில்லை, போட்டால் அதுவே விளம்பரமாகிவிடும். உங்கள் கடையில் எதை அனுப்பலாம் என்ற சந்தேகத்தை கேப்ஷன் எழுதுவதற்கு முன்பே உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள்.

'அவசரத்துக்கு எங்களைக் கூப்பிடுங்க'ன்னு கடைசியில ஒரு வரி போட்டா அக்கறையா இருக்கும்ல?

அக்கறையில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த வரியை நம்பி நெஞ்சு வலியோடு ஒருவர் 108-ஐ விட்டுவிட்டு நம் நம்பரை அடித்தால் என்ன செய்வோம்? நம்மிடம் இருப்பது ஒரு வண்டியும் ஒரு தம்பியும். 'அவசரம்', 'எமர்ஜென்சி', 'உயிர் காக்கும்' மூன்றையும் நான் எழுதுவதில்லை. 'மருத்துவ அவசரத்துக்கு 108' என்று ஒரு வரி வேண்டுமானால் போடலாம். அது யாருக்கும் எந்த வாக்குறுதியும் தரவில்லை.

தீபாவளி, பொங்கல் லீவை எல்லாம் எப்படிச் சொல்றது?

இரண்டு நாள் முன்பே, தனியாக, தேதி போட்டு. 'நாளை விடுமுறை' என்று ஸ்டேட்டஸ் போட்டால் அது 24 மணி நேரம் இருக்கும், மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு 'நாளை' வேறு நாளாகிவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எங்கள் பக்கத்து ரோடுகளில் வண்டியே போகாது. அன்று டெலிவரி இல்லை என்று கிழமையும் தேதியும் எழுதிவிடுவோம்.

கூகுள் மேப்பில் கடை நேரம் இருந்தால் அதையும் அதே நாளில் மாற்றுங்கள். ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் ஒன்று என்று இருந்தால் மக்கள் தங்களுக்கு வசதியானதை நம்புவார்கள்.

பிராட்காஸ்ட்ல அனுப்புறேன், பாதிப்பேருக்குப் போகவே மாட்டேங்குதே?

உங்கள் கடை நம்பரை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். அதனால் பில்லின் அடியில் 'இந்த நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்' என்று அச்சடித்தோம். கவுண்டரிலும் வாயால் சொல்கிறோம். பெரியவர்கள் போனை நீட்டி 'நீயே போட்டுக் குடுப்பா' என்பார்கள். போட்டுக் கொடுங்கள்.

கமென்ட்ல ஒருத்தர் 'இருமலுக்கு என்ன மருந்து நல்லது, அனுப்புங்க'ன்னு கேக்குறாரு. பதில் சொல்லலாமா?

அங்கே சொல்லக்கூடாது. கேப்ஷனில் நீங்கள் கவனமாக விட்டதை கமென்ட்டில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான், எல்லோரும் படிக்கிறார்கள். ஒருவருடைய இருமலுக்குச் சொன்ன பெயரை வேறொருவர் தன் குழந்தைக்கு வாங்குவார். நான் எழுதும் பதில் எப்போதும் ஒன்று: 'டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டை அனுப்புங்க சார், இன்று மாலை நடையில் வந்துவிடும்.'

இதைவிட நுட்பமானது பாராட்டு. 'உங்க கடை மருந்துல எங்க அப்பாவுக்கு ஒரே வாரத்துல சரியாயிடுச்சு' என்று ஒருவர் எழுதுவார். அவர் எழுதியது அவர் பேச்சு. அதை நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து டெலிவரி நேரத்தோடு சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டால் அது உங்கள் விளம்பரம். நன்றி மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள். 'மழையிலும் எட்டு மணிக்குக் கொண்டுவந்து தந்தாங்க' என்று எழுதினால் தாராளமாகப் பகிருங்கள், அது வண்டியைப் பற்றியது.

ஒரு கம்பெனி ரெப் அழகா போஸ்டர் அடிச்சுத் தர்றாரு. மேல அவங்க சத்து பவுடர், கீழ நம்ம கடை பேரும் டெலிவரி நேரமும். செலவு அவங்களுது. போடலாமா?

மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு வந்த ஒன்றில் 'சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்' என்று பெரிய எழுத்தில் இருந்தது, கீழே எங்கள் நம்பர். வரி நம்முடையது இல்லை, நம்பர் மட்டும்தானே நம்முடையது என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த 1954 சட்டம் இப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் எந்தப் பங்கும் எடுக்கக்கூடாது என்றே சொல்கிறது. எழுதியவர், அச்சடித்தவர், பகிர்ந்தவர் என்று பிரித்துப் பார்த்து நாம் ஒதுங்க இடம் இல்லை. 'பவுடர்தானே, மருந்தில்லையே' என்று ரெப் சொன்னார். நோயின் பெயரைச் சொல்லி விற்கும்போது அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று சோதித்துப் பார்க்க என் லைசன்ஸைப் பணயம் வைக்க மாட்டேன்.

ரெப்பை விரட்ட வேண்டியதில்லை. 'மேல் பாதி வேண்டாம் சார், கடை பெயரும் நேரமும் மட்டும் போட்டு அடித்துத் தர முடியுமா?' என்று கேட்டேன். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில், கறுப்பு எழுத்தில், மேலே காட்டிய அதே கேப்ஷனைப் பிரின்ட் எடுத்து கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினோம். மாலையில் அந்த டார்ச் அம்மா வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'அப்போ ஆறரைக்குள்ள சொல்லிடணும்' என்றார்.